நாற்பத்தைந்து வயதுத் தகப்பனும் பதினேழு வயது மகனும்

கணக்குப் புத்தகத்தில் வரும் தகப்பன்மாரை எனக்குப் பிடிக்காது. அவர்களுக்குத் தொழில் இல்லை, கடன் இல்லை, முழங்கால் நோவு இல்லை. வயது மட்டும் இருக்கிறது. அதையும் நேரே சொல்லமாட்டார்கள். மகனின் வயதின் மூன்று மடங்கு என்பார்கள், ஐந்து வருடங்களின் பின் இரண்டு மடங்கு என்பார்கள். வீட்டில் எந்தத் தகப்பனாவது இப்படிக் கதைத்தால் தலையில் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும்.

ஆனாலும் இருபது வருடத்துக்குக் கிட்ட அந்தத் தகப்பன்மாரை வைத்துத்தான் சோறு தின்கிறேன். வவுனியாவில் நெளுக்குளத்துக்கு அப்பால் உள்ள ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பதினோராம் ஆண்டுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். வயதுக் கணக்கைக் கவனமாகவே படிப்பிப்பேன். ஒரு வசனத்தைச் சமன்பாடாக மாற்றத் தெரியாத பிள்ளை சாதாரண தரப் பரீட்சையில் பாதி வினாத்தாளைத் தொடவே மாட்டாது. வாய்பாடு பாடமாக்குகிற மாதிரி இதைப் பாடமாக்க முடியாது. வசனத்தை வாசிக்க வேண்டும். எங்கள் நாட்டில் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் கடைசியாகச் செய்யும் வேலை அதுதான்.

என் வகுப்பில் எப்போதும் வரும் பிழை ஒன்று இருக்கிறது. தகப்பனுக்கு நாற்பது, மகனுக்குப் பன்னிரண்டு, எத்தனை வருடங்களின் பின் தகப்பன் மகனின் மூன்று மடங்கு என்று கேட்டால், தகப்பனுக்கு மட்டும் x வருடத்தைக் கூட்டிவிட்டு மகனைப் பன்னிரண்டிலேயே விட்டுவிடுவார்கள். நான் கேட்பேன்:

"தகப்பனுக்கு மட்டும் வயசு போகுது. பொடியன் என்ன, பிறிட்ஜுக்குள்ளயே இருக்கிறான்?"

சிரிப்பார்கள். அடுத்த கணக்கில் மறுபடியும் பொடியனை பிறிட்ஜில் வைப்பார்கள். ஆகையால் கரும்பலகையில் மூன்று நிரல் கீறுவேன். முன்பு, இப்போது, பிறகு. ஆளுக்கொரு வரிசை. ஒருவருக்கு x கூடினால் மற்றவருக்கும் கூடும். 40 + x = 3(12 + x). நாற்பதும் x-உம் ஒரு பக்கம், முப்பத்தாறும் 3x-உம் மற்றப் பக்கம். x இரண்டு. இரண்டு வருடத்தின் பின் தகப்பனுக்கு நாற்பத்திரண்டு, மகனுக்குப் பதினான்கு. மூன்று மடங்கு. விடை வந்தால் போதாது, விடையைக் கொண்டுபோய் வசனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கத்துவேன். கத்துவது வீண் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருடம் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் சில சேர்ந்த கொத்தணி ஒன்று உண்டு. சாதாரண தரத்துக்கு விண்ணப்பம் அனுப்ப முன் அந்தக் கொத்தணி தன் பாட்டுக்கு ஒரு முன்னோடிப் பரீட்சை வைக்கும். நூறு புள்ளிக்கு ஒரே வினாத்தாள். ஒரு பள்ளிக்கூடத்துத் தாளை மற்றப் பள்ளிக்கூடத்தார் திருத்துவார்கள். பிள்ளைகளுக்குப் பயிற்சி என்று சொல்லித்தான் தொடங்கினார்கள். எங்கள் அதிபர் அதை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார். கணிதத்தில் முப்பத்தைந்துக்குக் கீழே வருகிற பிள்ளையின் தாய் தகப்பனைக் கூப்பிடுவார். ஒரு கடிதத்தை நீட்டுவார். "பெற்றோராகிய எமது விருப்பத்தின்படி எமது பிள்ளை இவ்வருடம் பரீட்சைக்குத் தோற்றாது, அடுத்த வருடம் தோற்றும்." விருப்பமாம். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவர் அதிபரின் எழுதுவினைஞர். பெற்றோர் செய்வது கீழே கையெழுத்து வைப்பது மட்டும். விழக்கூடிய பிள்ளைகள் எழுதாவிட்டால் சித்தி வீதம், பாஸானவர்களின் நூற்றுவீதம், கூடும். வாசலில் உள்ள பலகையில் அந்த வீதத்தைச் சிவப்பு மையால் எழுதிவைப்பார்.

அடுத்த வருடம் எழுதும் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். பொடியன்கள் மேசன் வேலைக்குப் போய்விடுவார்கள். பெட்டைகள் உடுப்புத் தைக்கும் கார்மென்ட்ஸுக்குப் போவார்கள். வருடம் இழந்த பிள்ளை திரும்பி வகுப்புக்கு வந்து தன்னிலும் இளையதுகளோடு உட்காராது.

முன்னோடி வினாத்தாளைத் தயாரித்தவர் கொத்தணியில் உள்ள பெரிய பள்ளிக்கூடத்துக் கணித ஆசிரியர். அவரைத் தெரியாதவர் கிடையாது. வகுப்பில் ஒரு முகம், பின்னேரம் டியூஷன் கொட்டகையில் இன்னொரு முகம். கொட்டகைக்கு வெளியே அவருடைய படம் போட்ட பதாகை தொங்கும். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எதையோ வென்றுவிட்டு வந்தவர் மாதிரி நிற்பார். வயதுக் கணக்குக்கு அவரிடம் ஒரு குறுக்குவழி உண்டு. இரண்டு வயதின் வித்தியாசத்தை எடு. மடங்கில் ஒன்றைக் குறைத்து அதால் பிரி. வருவது பிள்ளையின் வயது. அதுக்கும் இப்போதைய வயதுக்கும் உள்ள வித்தியாசம் விடை. "சமன்பாடு எழுதினால் நேரம் போகும், இது அரை நிமிசம்" என்று பிள்ளைகளைப் பாட வைப்பார்.

குறுக்குவழி பிழை என்று சொல்லமாட்டேன். தகப்பனுக்கும் மகனுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் சாகும்வரை மாறாது. தகப்பன் மூன்று மடங்காக இருக்கும்போது அந்த வித்தியாசம் மகனின் வயதின் இரண்டு மடங்கு. நாற்பதும் பன்னிரண்டும் என்றால் வித்தியாசம் இருபத்தெட்டு, அதில் பாதி பதினான்கு. சரி. ஆனால் ஏன் சரி என்று அவருக்குத் தெரியுமோ என்பது எனக்குச் சந்தேகம். தெரிந்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

அவர் வினாத்தாள் தயாரிக்கும் முறை எங்களில் அனேகம் பேர் செய்யும் முறைதான். பழைய தாளை எடுப்பார்கள், இலக்கத்தை மாற்றுவார்கள். பிள்ளைகள் விடையைப் பாடமாக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று பயம். நாற்பதும் பன்னிரண்டும் எல்லா டியூஷன் தாளிலும் அடிபட்டுக் கிழிந்த கணக்கு. ஆகவே இந்த மனுசன் இரண்டு பேருக்கும் ஐந்து ஐந்து வயது கூட்டினார். தகப்பனுக்கு நாற்பத்தைந்து, மகனுக்குப் பதினேழு, எத்தனை வருடங்களின் பின் தந்தையின் வயது மகனின் வயதின் மூன்று மடங்காகும்?

இதைப் படிக்கிறவர் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஐந்து வருடம் போய்விட்டது. அந்தத் தகப்பனும் மகனும் மூன்று மடங்கைத் தாண்டி வந்துவிட்டார்கள். மகனுக்குப் பதினான்காக இருந்தபோது நடந்து முடிந்தது அது. இனி அந்த மகன் தகப்பனின் வயதில் பாதியை நோக்கிப் போவானே தவிர மூன்றிலொன்றுக்குத் திரும்பி வரமாட்டான். வினாத்தாள் தயாரித்தவர் இதைப் பார்க்கவில்லை. தன் குறுக்குவழியைப் போட்டார். இருபத்தெட்டில் பாதி பதினான்கு. பதினேழிலிருந்து பதினான்கு போக மூன்று. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தாயிற்று, முடிந்தது. திருத்துகிறவர்களுக்கான புள்ளித்திட்டத்தில் எழுதினார்: விடை, மூன்று வருடங்களின் பின். நாலு புள்ளி.

புள்ளித்திட்டத்தைக் கொத்தணிக் கணித ஆசிரியர்கள் எல்லோரும் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். அது வழக்கம். அன்று எனக்குப் பஸ் பிந்திவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் கையெழுத்து வைத்து, ரோல்ஸும் தின்று, கையும் கழுவிவிட்டார்கள். என் கையெழுத்துக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை. இத்தனை பட்டதாரிகள். ஒருத்தராவது நாற்பத்தெட்டு என்பது இருபதின் மூன்று மடங்கா என்று பார்க்கவில்லை.

என் வகுப்பில் பின்வரிசையில் ஒரு பிள்ளை இருந்தது. வீட்டார் இரண்டு தலைமுறைக்கு முன் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். தகப்பன் பளைப் பக்கம் தென்னந்தோட்டத்தில் வேலை, மாதத்துக்கு ஒருக்கால்தான் வருவார். தாய் தங்களுடைய காணியில் கச்சான் கடலை போடுவா, மற்றவர்களின் வயலுக்கும் கூலிக்குப் போவா. பிள்ளை கெட்டிக்காரி இல்லை. பொய் சொல்ல வேண்டிய தேவை எனக்கு இல்லை. பின்னம் கண்டால் பயம், கேத்திர கணிதம் கண்டால் காய்ச்சல். ஆனால் கேட்ட கேள்வியை வாசிக்கும். அது பெரிய விசயம்.

தாள்கள் திருத்தித் திரும்பி வந்தன. பிள்ளைக்கு முப்பத்திரண்டு. நான் தாளைப் பிரட்டினேன். வயதுக் கணக்கில் மூன்று நிரல் கீறியிருந்தது. 45 + x = 3(17 + x). அடுத்த வரி 45 + x = 51 + 3x. அதற்கடுத்தது –6 = 2x. பிறகு மறை எண், x = –3. பிள்ளை அங்கே நிறுத்தவில்லை. "3 வருடங்களுக்கு முன்னரே நடந்துவிட்டது. தந்தை 42, மகன் 14. இனி வராது" என்று எழுதியிருந்தது. அதற்கு மேலே குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் பெரிய சைபர்.

திருத்தினவர் சமன்பாட்டுக்குக்கூடப் புள்ளி போடவில்லை. கடைசி வரியை மட்டும் பார்த்திருக்கிறார். அதே தாள்கட்டுக்குள் இன்னொரு தாள். அதில் வழியே இல்லை, மூன்று என்று ஒரு இலக்கம் மட்டும். நாலு புள்ளி.

அந்த நாலு புள்ளி இருந்தால் பிள்ளைக்கு முப்பத்தாறு. கடிதம் இல்லை.

அன்று பின்னேரம் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"உந்தக் கணக்கை நீயாத்தான் யோசிச்சு எழுதினனியோ?"

"ஓம் ரீச்சர். மறை வந்துது. முதல்ல பிழை எண்டு நினைச்சன். பிறகு மூண்டைக் கழிச்சுப் பாத்தன், சரியா வந்துது."

"அப்ப ஏன் முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறாய்?"

"சித்தி கார்மென்ட்ஸில கதைச்சுப்போட்டா ரீச்சர். இந்த முறை எழுதாட்டி வரட்டாம். அப்பாவும் ஓம் எண்டிட்டார்."

அம்மா என்ன சொன்னா என்று கேட்டேன். அம்மா கேட்டுவிட்டுக் கூலிக்குப் போய்விட்டாவாம்.

அடுத்த கொத்தணிக் கூட்டத்துக்கு நான் முதல் பஸ்ஸிலேயே போனேன். பெரிய பள்ளிக்கூடத்து மண்டபம். வினாத்தாள் தயாரித்தவர் மின்விசிறிக்கு நேரே கீழே உள்ள கதிரையில் இருந்தார். நான் தாளை அவருக்கு முன்னால் வைத்தேன்.

"சேர், உங்கட தகப்பனுக்கு மூண்டு வருசத்தைக் கூட்டுங்கோ."

"ஏன் ரீச்சர், காலையிலயே சண்டையோ?"

"கூட்டுங்கோ."

"நாற்பத்தெட்டு."

"மகனுக்கு?"

"இருபது."

"இருபதின்ர மூண்டு மடங்கு எத்தினை?"

மண்டபத்தில் யாரோ சிரித்தார். அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். முகம் மாறியது. தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு மனுசன் என்றால், அட, பிழை விட்டுவிட்டேன் என்று சொல்லியிருப்பான். கதை அதோடு முடிந்திருக்கும். இவர் தொண்டையைச் செருமினார்.

"ரீச்சர், வயசு மறையில வராது. மறை வந்தால் தூக்கிப்போட வேணும். நாங்கள் எல்லாரும் அப்பிடித்தானே படிப்பிக்கிறம்."

"அது இருபடிச் சமன்பாட்டில சேர். ரெண்டு விடை வரேக்க, நீளத்துக்கு மறை பொருந்தாட்டி அதை விட்டிட்டு மற்றதை எடுப்பம். இதில இருக்கிறதே ஒரு விடை. அதையும் தூக்கிப்போட்டால் மிச்சம் என்ன, உங்கட பதாகையோ?"

"பேச்சைப் பாருங்கோ இவவின்ர."

"இதில x வயசும் இல்லை. எத்தினை வருசம் எண்டதுதான் x. மறை எண்டால் பின்னுக்குப் போ எண்டு அர்த்தம். ஒரு சின்னப் பெட்டைக்கு விளங்கியிருக்கு."

பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர் சமாதானம் செய்ய வந்தார். எந்தக் கூட்டத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். சரி பிழை அவருக்குத் தேவையில்லை, தேத்தண்ணி நேரத்துக்கு வந்தால் போதும்.

"ரீச்சர், கேள்வியில 'பின்' எண்டுதானே கேட்டிருக்கு. பிள்ளை 'முன்' எண்டு எழுதியிருக்கு. கேட்டதுக்கு விடை இல்லைத்தானே?"

"சேர், உங்களிட்ட நான் எப்ப கலியாணம் கட்டப்போறியள் எண்டு கேட்டால் என்ன சொல்லுவியள்?"

"எனக்குக் கலியாணம் முடிஞ்சுதே."

"அதைத்தான் அவளும் எழுதியிருக்கிறாள்."

இந்த முறை நிறையப் பேர் சிரித்தார்கள். சிரித்ததோடு சரி. ஒருத்தரும் கை தூக்கவில்லை. வினாத்தாள் தயாரித்தவர் கோப்பை மூடினார். புள்ளித்திட்டத்தில் எல்லோரும் கையெழுத்து வைத்தாயிற்று, இனி மாற்றினால் எல்லாத் தாளையும் திரும்பத் திருத்த வேண்டும், அதற்கு யார் வருவார்கள் என்று கேட்டார். அதற்கு ஒருவரும் வரத் தயாரில்லை. பிழையான விடைக்கு நாலு புள்ளி, சரியான விடைக்குச் சைபர், கொத்தணித் தீர்மானம். தேத்தண்ணி வந்தது.

நான் தேத்தண்ணி குடிக்காமல் வந்தேன். அது அவர்களுக்கு ஒரு நட்டமும் இல்லை.

அடுத்தது அதிபர். அவர் கணிதக்காரர் இல்லை, வரலாறு. ஆனாலும் ஆள் மொக்கு இல்லை. அவருக்குக் கணக்கை விளங்கப்படுத்தலாம் என்று நான் நம்பினேன்.

"சேர், உங்கட வயசு என்ன?"

"ஏன், பென்சனுக்கு அனுப்பப் போறியளோ? அம்பத்திநாலு."

"மூத்த மகளுக்கு?"

"இருபத்திரண்டு."

"இன்னும் எத்தினை வருசத்தில நீங்கள் அவவின்ர வயசின்ர மூண்டு மடங்காவியள்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். விரலால் மேசையில் ஏதோ எழுதிப் பார்த்தார்.

"அது எப்பவோ போச்சுது ரீச்சர். அவ சாதாரண தரம் எழுதேக்க பதினாறு. எனக்கு நாற்பத்தெட்டு. ஆறு வருசத்துக்கு முந்தி."

"நான் இன்னும் எத்தினை வருசத்தில எண்டெல்லோ கேட்டனான். நீங்கள் முந்தி எண்டு சொல்றியள். உங்களுக்குச் சைபர்."

சிரித்தார். விளங்கிவிட்டது. முழுக்க விளங்கிவிட்டது. பிள்ளையின் தாளை எடுத்து வாசித்தார், "கெட்டிக்காரி" என்றுகூடச் சொன்னார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அவர் தாளை மடித்து என்னிடமே தந்தார்.

"நியாயம்தான் ரீச்சர். ஆனால் யோசியுங்கோ. நாலு புள்ளியைக் கூட்டினாலும் முப்பத்தாறு. உண்மைப் பரீட்சையில ஒரு சறுக்கு சறுக்கினால் விழுந்திடும். ஒரு வருசம் நிண்டு எழுதினால் பிள்ளைக்கும் நல்லம், பள்ளிக்கூடத்துக்கும் நல்லம்."

"பிள்ளை நிக்காது சேர். கார்மென்ட்ஸுக்குப் போயிடும்."

"அது அவையின்ர வீட்டுப் பிரச்சினை."

மொக்கனோடு சண்டை பிடிக்கலாம். விளங்கிக்கொண்டு செய்கிறவனோடு என்ன பிடிப்பது? கணக்குப் பிழைத்ததால்தான் பிள்ளைக்கு இந்த நிலை என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன். கணக்கு ஒரு சாட்டு. முப்பத்தைந்துக்குக் கிட்ட நிற்கும் பிள்ளைகளைக் கழித்துவிட ஒரு சாட்டு வேண்டும், அது கிடைத்துவிட்டது. ஆனால் அந்தச் சாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. கடிதத்தில் "எமது விருப்பத்தின்படி" என்று எழுதியிருந்தது. அதிபரின் விருப்பத்தின்படி என்று எழுத அவருக்குத் துணிவில்லை. அப்படி ஒரு சட்டமும் இல்லை.

தாயைக் கூப்பிட்ட நாள் நானும் அலுவலகத்துக்குப் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. தாய் வயலிலிருந்து நேரே வந்திருந்தா, காலில் சேறு காய்ந்திருந்தது. பிள்ளை கதவோரமாக நின்றது. அதிபர் கதிரையைக் காட்டினார், அவா இருக்கவில்லை. அதிபர் நல்ல மாதிரித்தான் பேசினார். அப்படிப் பேச அவருக்கு நன்றாக வரும். பிள்ளையின் எதிர்காலம், அடித்தளம், பொறுமை என்று ஒரு பத்து நிமிடம். பிறகு கடிதத்தையும் பேனையையும் மேசையில் வைத்தார்.

தாய் பேனையை எடுத்தா.

"அம்மா, கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். "பிள்ளை ஒரு கணக்குச் சரியாச் செய்தது. திருத்தினவை பிழை எண்டு போட்டிட்டினம். அந்தக் கணக்குக்குப் புள்ளி போட்டிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது."

"ரீச்சர்!" என்றார் அதிபர்.

"நான் பொய் சொல்லுறனோ சேர்? சொல்லுங்கோ. அந்தக் கணக்குச் சரியோ பிழையோ?"

அதிபர் மேசையைப் பார்த்தார். மகளின் வயதை வைத்துத் தானே செய்து பார்த்த கணக்கு. பிழை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த அளவுக்கு அவரை மெச்சலாம்.

"கணக்குச் சரி. ஆனா விசயம் அதில்லை அம்மா..."

தாய் மகள் பக்கம் திரும்பினா.

"என்னா கணக்கு புள்ள அது?"

"அப்பாவுக்கும் மகனுக்கும் வயசு பாக்கிறதும்மா. மூணு மடங்கு எப்ப வரும்னு கேட்டாங்க. அது முந்தியே வந்து போயிருச்சுன்னு எழுதுனேன்."

"போயிருச்சா?"

"போயிருச்சும்மா."

தாய் பேனையைக் கடிதத்துக்கு மேலே வைத்தா. மூடியையும் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தா.

"பிழையா எழுதியிருந்தா நான் கையெழுத்து வைப்பேங்க சார். நீங்களே சரின்னு சொல்றீங்க. சரியா எழுதுனதுக்கு நான் ஏன் வைக்கணும்?"

"அம்மா, இது பிள்ளையின்ர நன்மைக்கு."

"பரீட்சையில ஃபெயிலாப் போனா போகட்டும் சார். அப்ப நான் அவங்க சித்திகூட அனுப்புறேன். எழுதாம எப்புடி ஃபெயிலாப் போறது?"

அதிபர் இன்னும் கொஞ்சம் பேசினார். அவா நின்று கேட்டா. பேனையைத் தொடவில்லை. கடைசியில், "வரட்டுங்களா சார், ஆடு கட்டியிருக்கேன்" என்றுவிட்டுப் போனா. கையெழுத்து இல்லாத கடிதம் மேசையில் கிடந்தது. அதை வைத்து அதிபரால் ஒன்றும் செய்ய முடியாது. பிள்ளையின் விண்ணப்பம் மற்றவர்களுடையதோடு போனது.

அதற்குப் பிறகு பரீட்சைவரை அந்தப் பிள்ளையை நான் விடவில்லை. இடைவேளையில் பின்னம், பள்ளிக்கூடம் விட்ட பிறகு கேத்திர கணிதம். அழுதது. அழுதுகொண்டே செய் என்றேன். அதிபர் என்னோடு இரண்டு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அது எனக்கு ஓய்வாக இருந்தது.

முடிவு வந்தது. கணிதத்தில் சாதாரண சித்தி. அவ்வளவுதான், வானவேடிக்கை ஒன்றும் இல்லை. உயர்தரத்தில் கலைப் பிரிவுக்குப் போக அது போதும். கார்மென்ட்ஸில் இருந்த பிள்ளையின் சித்தி தனக்குப் பக்கத்து இயந்திரத்தில் வேறு யாரையோ இருத்திவிட்டா. அதிபர் வாசல் பலகையில் வீதத்தைச் சிவப்பு மையால் எழுதினார். அந்த வீதத்துக்குள் இந்தப் பிள்ளையும் இருந்தது. பரிசளிப்பு நாளில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "எங்கள் பாடசாலையில் ஒரு பிள்ளையையும் நாங்கள் கைவிடுவதில்லை" என்றார். அவருக்குப் பக்கத்தில் பெரிய பள்ளிக்கூடத்துக் கணித ஆசிரியர் விருந்தினராக இருந்து கை தட்டினார். நான் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போனேன்.

இந்த வருடத்து முன்னோடி வினாத்தாள் போன மாதம் வந்தது. எனக்கு ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்கள், "ரீச்சர் சொன்ன கணக்கைத் திருத்திப்போட்டம்" என்று. பிரித்துப் பார்த்தேன். திருத்தித்தான் இருந்தார்கள். தகப்பனுக்கு ஐம்பது, மகனுக்கு இருபத்திரண்டு. எத்தனை வருடங்களின் பின் மூன்று மடங்கு?

திரும்பவும் இரண்டு பேருக்கும் ஐந்து ஐந்து. புள்ளித்திட்டத்தில், எட்டு வருடங்களின் பின்.

அந்தப் பிள்ளை தன் சான்றிதழ் எடுக்க அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தது. வினாத்தாளைக் காட்டினேன். வாசித்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"ரீச்சர், இது அதே தகப்பனும் மகனும்தான். இன்னும் அந்தப் பதினாலு வயசைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருக்கினம்."

கொத்தணிக் கூட்டத்தில் புள்ளித்திட்டத்தைச் சுற்றி அனுப்பினார்கள். எல்லோரும் கையெழுத்து வைத்து என்னிடம் வந்தது. ரோல்ஸ் தட்டும் கூடவே வந்தது. நான் பேனையை மூடிப் பக்கத்தில் வைத்தேன்.

"என்ன ரீச்சர், இந்த முறையும் தொடங்கியாச்சோ?" என்றார் மின்விசிறிக்குக் கீழே இருந்தவர்.

"ஐம்பதோட எட்டைக் கூட்டுங்கோ சேர்" என்றேன். "இருபத்திரண்டோடயும் கூட்டுங்கோ. மூண்டு மடங்கு வந்தால் வைக்கிறன்."

அவர் கூட்டவில்லை. தாள் என் முன்னால் கிடந்தது. என் பெயருக்கு நேரே உள்ள இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.